ஒரு புகைப்படத்தில் அகப்பட்ட ஆர்க்கிட்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில், ஐசோட்ரியா மெடியோலாய்டஸ் என்னும் ஆர்க்கிட் கடைசியாகப் பதிவானது 1902ஆம் ஆண்டில். அதற்குப் பிறகு யார் கண்ணிலும் அது படவில்லை. அங்கே அந்த இனம் அற்றுப்போய்விட்டது என்றே தாவரவியலாளர்கள் நம்பிவந்தார்கள். 2022 ஜூன் மாதம் மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சிட்டண்டன் கவுன்டியில், வினூஸ்கி பள்ளத்தாக்குப் பூங்கா அமைப்பின் பாதுகாப்பில் இருக்கும் நிலத்தில் அந்த ஆர்க்கிட் உயிரோடு இருக்கிறது என்பதுதான் செய்தி.

அதைக் கண்டுபிடித்தவர்கள் துறையின் ஊழியர்கள் அல்லர். அந்த வட்டாரத்தில் வசிக்கும் ஒருவர் காட்டில் கண்ட, பெயர் தெரியாத ஒரு செடியைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் பதிவேற்றியிருந்தார். அதே கவுன்டியில் வேறோர் ஊரில் இருக்கும் இன்னொரு ஆர்வலர் அந்தப் படத்தைப் பார்த்தார். காணாமல் போன ஆர்க்கிட்டாக இருக்குமோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. தகவல் மாநிலத் தாவரவியலாளர்களை எட்டியது. அவர்கள் நேரில் சென்று பார்த்து உறுதிசெய்தார்கள். செடியின் எதிரே நின்றவர் ஒருவர், அதை இன்னதென்று ஊகித்தவர் மற்றொருவர், உறுதிசெய்தவர்கள் வேறு சிலர்.

ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுகலை மாணவர்களின் செயல்திட்டமாகத் தொடங்கியது. வெர்மான்டில் 2013 முதல் மாநில அளவிலான உயிரினப் பதிவேடாகவே அது பயன்பட்டுவருகிறது. படம், தேதி, இடம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பெயர் தெரியாவிட்டாலும் பதிவேற்றலாம். மற்றவர்கள் வந்து பெயரைச் சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்லி, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடன்பட்டால் அந்தப் பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். நடைமுறையில் பெயரில்லாத படங்கள் மலைபோல் குவிந்துகொண்டே இருக்கின்றன. ஊதியமில்லாமல் அவற்றைப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கச் சிலர் இருப்பதால்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது. படமெடுத்தவரைப் பாராட்டும்போது பலரும் மறந்துவிடுவது இந்த இரண்டாவது ஆளைத்தான்.

அந்தச் செடி ஏன் 120 ஆண்டுகள் தப்பித்திருந்தது என்பது அதன் தோற்றத்தைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ஆர்க்கிட் என்றதும் பூக்கடையில் கொத்தாகத் தொங்கும் ஊதா மலர்தான் நினைவுக்கு வரும். இதுவோ தரையில் வளரும் செடி. உயரம் பெரும்பாலும் 10 முதல் 25 சென்டிமீட்டர். கிளை கிடையாது, தண்டு ஒன்றே ஒன்று. அதன் உச்சியில் ஐந்து அல்லது ஆறு இலைகள் ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிகள்போலச் சுற்றிலும் விரிந்திருக்கும். வேறெங்கும் இலை இல்லை. அந்த இலை வட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பூ, அபூர்வமாக இரண்டு பூக்கள், சிறு காம்பில் எழும். பூவும் மஞ்சள் கலந்த பச்சை. மூன்று புல்லிதழ்கள் ஒடுங்கி நீண்டிருக்க, நடுவே உதடு எனப்படும் இதழ் வெளிறிய பச்சை வெண்மையில் இருக்கும். மரங்கள் அப்போதுதான் துளிர்த்து முடித்திருக்கும் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் அது பூக்கும். சுற்றிலும் ஆயிரம் பச்சைகள் நிற்கும் இடத்தில் இன்னொரு பச்சையாக அது நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அச்சு அசலாக அதைப்போலவே இருக்கும் ஒரு செடி அதே காட்டில் ஏராளமாக வளர்வது. மெடியோலா விர்ஜினியானா என்னும் அந்தச் செடி லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆர்க்கிட்டோடு அதற்கு நெருங்கிய உறவு இல்லை. அதன் கிழங்கு வெள்ளரிக்காய்போல ருசிப்பதால் உள்ளூரில் அதை இந்திய வெள்ளரி வேர் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நன்கு வளர்ந்து பூக்கும் மெடியோலாவில் இலைகள் இரண்டு அடுக்காக இருக்கும். தண்டின் நடுவில் ஒரு பெரிய வட்டம், உச்சியில் மூன்று சிறு இலைகள் கொண்ட இன்னொரு வட்டம். இந்த நிலையில் குழப்பம் வராது. பூக்காத இளஞ்செடியில் ஒரே ஒரு வட்டம்தான் இருக்கும், சிக்கலும் அங்கேதான். காட்டில் நடப்பவர் நூறு இடங்களில் மெடியோலாவைப் பார்த்துப் பழகியிருப்பார். நூற்றொன்றாவதையும் அதுவென்றே எண்ணிக் கடந்துபோய்விடுவார்.

இரண்டையும் பிரிக்கும் அடையாளம் இலையில் இல்லை, தண்டில் இருக்கிறது. மெடியோலாவின் தண்டு மெலிந்து கம்பிபோல விறைப்பாக இருக்கும். கூர்ந்து பார்த்தால், சிலந்தி நூல் ஒட்டியதுபோல வெண்ணிறப் பஞ்சு இழைகள் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரியும். ஆர்க்கிட்டின் தண்டோ சதைப்பற்றுடன் தடித்தது, உள்ளே கூடானது, ஒரு மயிரும் இல்லாமல் வழவழப்பானது. அதன்மேல் திராட்சைத் தோலில் படிந்திருக்கும் சாம்பல் பூச்சு போன்ற ஒரு மெழுகுப் படலம் இருக்கும். விரலால் தேய்த்தால் அது அழிந்து அடியிலுள்ள பச்சை தெரியும். அரிய செடியில் இந்தச் சோதனையைச் செய்யாமல் இருப்பதே நல்லது. பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு தெளிவான படம் அதே தகவலைத் தந்துவிடும்.

மெடியோலாவை விலக்கிய பிறகும் வேலை முடிவதில்லை. ஐசோட்ரியா பேரினத்தில் இன்னோர் இனமும் இருக்கிறது. ஐசோட்ரியா வெர்டிசிலேட்டா எனப்படும் அது இதைவிடப் பெரியது, பரவலானது. இலை வட்டம், ஒற்றைப் பூ, மயிரில்லாத தண்டு என எல்லாம் அதிலும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது தண்டின் நிறம்: பெரியதில் செவ்வூதா கலந்திருக்கும், சிறியதில் வெளிறிய சாம்பல் பச்சை. இரண்டாவது புல்லிதழ்கள்: பெரியதில் அவை ஊதாப் பழுப்பாக, 3.5 சென்டிமீட்டருக்கும் அதற்கு மேலும் நீண்டு சிலந்திக் கால்கள்போல அகல விரிந்து நிற்கும். சிறியதில் பச்சையாக, 2.5 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருக்கும். மூன்றாவது பூவின் காம்பு. பூ வாடிக் காய் பிடித்த பிறகும் உதவும் அடையாளம் இது. பெரியதில் காம்பு நீளமாக, காயைவிட உயர்ந்து வளர்ந்திருக்கும். சிறியதில் காய் ஏறக்குறைய இலை வட்டத்தின் மேலேயே உட்கார்ந்ததுபோல, குட்டைக் காம்பில் நிமிர்ந்து நிற்கும்.

ஆகவே ஒரு படம் சான்றாகுமா ஆகாதா என்பது பூவின் அழகைப் பொறுத்ததல்ல. காட்டில் எடுக்கப்படும் பூப்படங்களில் பெரும்பாலானவை மேலிருந்து நேர்க்கீழாக, பூ மட்டும் துலக்கமாகவும் மற்ற எல்லாம் மங்கலாகவும் இருக்கும்படி எடுக்கப்படுகின்றன. சுவரில் மாட்ட அது நன்றாக இருக்கும். பெயர் கண்டுபிடிக்க வேண்டியவருக்கு அதனால் அரைப் பயன்தான். தண்டின் அடி தெரியும்படி தரைமட்டத்தில் ஒரு பக்கத் தோற்றம், பூவின் எதிர்த் தோற்றம், இலையின் அடிப்புறம், அளவு புரிவதற்காக அருகில் ஒரு நாணயமோ விரலோ, கடைசியாகச் செடி நிற்கும் இடத்தின் பரந்த காட்சி என நான்கைந்து படங்கள் இருந்தால் நிபுணர் வீட்டிலிருந்தே முக்கால்வாசி முடிவுக்கு வந்துவிடலாம். தேதியும் முக்கியம். ஆகஸ்டில் பூத்திருப்பதாக ஒரு படம் சொன்னால், அது வேறு செடி என்று அப்போதே சந்தேகிக்கலாம்.

மீதிக் கால்வாசிக்காகத்தான் தாவரவியலாளர் நேரில் போகிறார். ஒரு செடியைப் பிடுங்கி, அழுத்தி உலர்த்தி, ஹெர்பேரியத்தில் வைப்பதே தாவரவியலின் பழைய வழக்கம். ஒரு கை விரல்களில் எண்ணிவிடும் அளவில் செடிகள் நிற்கக்கூடிய இடத்தில் ஒன்றைப் பிடுங்குவது கண்டுபிடிப்பையே குலைப்பதற்குச் சமம். அதனால் இத்தகைய இனங்களில் அளவுகளும் நெருக்கப் படங்களுமே உலர்மாதிரியின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

படத்தால் எப்போதும் இவ்வளவு தூரம் போக முடிவதில்லை. ஜப்பானில் 2023இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட ஸ்பைராந்தஸ் ஹச்சிஜோயென்சிஸ் என்னும் ஆர்க்கிட் நல்ல எடுத்துக்காட்டு. அது ஆளரவமற்ற மலையில் ஒளிந்திருக்கவில்லை. பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் எல்லோர் கண்ணெதிரேயும் பூத்துக்கொண்டிருந்தது. சாதாரண இனத்தோடு அதை ஒன்றாகவே எண்ணியிருந்தார்கள். தண்டில் மயிர் இல்லாததையும், வழக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே அது பூப்பதையும் கோபே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பூவின் பாகங்களை அளந்து, மரபணுவையும் ஒப்பிட்ட பிறகே வேறு இனம் என்ற முடிவுக்கு வர முடிந்தது. வெர்மான்ட் செடிக்கு அந்த அளவு தேவைப்படவில்லை. அதன் அடையாளங்கள் வெறுங்கண்ணுக்கே தெரிபவை. அவற்றைத் தெரிந்தவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தோற்றம் பாதிக் காரணம் என்றால், மறுபாதி அந்தச் செடியின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. பெரும்பாலான ஆர்க்கிட்கள் ஏதாவது ஒரு பூச்சியை ஏமாற்றியோ விருந்து வைத்தோ வரவழைக்கின்றன. சிறிய ஐசோட்ரியாவில் மணமும் கிடையாது, தேனும் கிடையாது. தன் மகரந்தத்தைத் தன் சூல்முடியிலேயே சேர்த்துத் தானே காய் பிடித்துக்கொள்ளும். பூச்சி வராததால் கவர்ச்சிக்கும் வேலையில்லை. சில நாட்களுக்கு விரிந்து, வந்தது தெரியாமல் பூ வாடிவிடும்.

அதன் விதை தூசியைப் போன்றது. உள்ளே முளைக்குத் தேவையான உணவு எதுவும் இருக்காது. மண்ணில் விழுந்த இடத்தில் சரியான பூஞ்சையின் இழை வந்து தொட்டு ஊட்டினால் மட்டுமே முளைக்கும். இந்த ஆர்க்கிட்டுக்கு ஊட்டுவது ருசுலா குடும்பத்துப் பூஞ்சைகள். மழைக்குப் பிறகு காட்டில் சிவப்புத் தொப்பியோடு தலைகாட்டும் காளான்களில் பல அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தப் பூஞ்சைகளோ தாமாகச் சம்பாதிப்பவை அல்ல. ஓக், பீச், ஹெம்லாக் போன்ற மரங்களின் வேர்களைப் பிணைத்துக்கொண்டு அவை தரும் சர்க்கரையில் வாழ்கின்றன. மரத்திலிருந்து பூஞ்சைக்கு, பூஞ்சையிலிருந்து ஆர்க்கிட்டுக்கு என்று உணவு கைமாறுகிறது. செடியை மண்ணோடு தோண்டி வீட்டுத் தொட்டியில் வைத்தால் சில காலத்தில் செத்துப்போவதன் காரணம் இதுதான். தண்ணீர் ஊற்றியதில் குறை எதுவும் இருக்காது. மரத்தோடு இருந்த தொடர்பு அறுந்திருக்கும்.

வெளிச்சத்திலும் அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒருகாலத்தில் வெட்டப்பட்டோ மேய்ச்சல் நிலமாக இருந்தோ பிறகு மீண்டும் வளர்ந்த நடுத்தர வயதுக் காடுகளில், அமில மண்ணில், மழைக்கால ஓடை வழியும் சரிவுகளில் அது பெரும்பாலும் காணப்படுகிறது. மேலே கிளைகளிடையே சிறு இடைவெளி இருந்து கொஞ்சம் வெயில் இறங்க வேண்டும். மரங்கள் முதிர்ந்து அந்த இடைவெளி மூடிக்கொண்டால், ஆண்டுக்கு ஆண்டு செடி சிறுத்துப் பூக்காமல் நின்றுவிடுகிறது. அப்போது இலை வட்டத்தின் நடுவில் வளராமல் நின்றுபோன ஒரு குறுமொட்டு மட்டும் தெரியும். பூவைத் தேடி வருபவருக்கு அது கண்ணிலேயே படாது. அடையாளம் தெரிந்தவருக்கோ மெடியோலாவிலிருந்து இதைப் பிரிக்க அதுவும் ஒரு துப்பு.

நிலைமை இன்னும் மோசமானால் செடி மேலே வருவதையே நிறுத்திவிடும். வேரும் பூஞ்சையும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும்; மேலே ஓர் இலைகூட இருக்காது. ஓராண்டோ, அடுத்தடுத்துச் சில ஆண்டுகளோ இப்படி உறங்கிக் கிடந்துவிட்டு மீண்டும் முளைக்கும் செடிகளைக் கண்காணிப்பாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இதனால் கணக்கெடுப்பவர்களுக்கு ஒரு தலைவலி. சென்ற ஆண்டு எட்டுச் செடி, இந்த ஆண்டு மூன்று என்றால் ஐந்து செத்துவிட்டனவா, தூங்குகின்றனவா என்பது உடனே தெரியாது. ஒவ்வொரு செடியின் இடத்தையும் அடையாளமிட்டு, தொடர்ந்து பல ஆண்டுகள் போய்ப் பார்த்தால்தான் செத்ததையும் தூங்குவதையும் பிரிக்க முடியும். ஒரு மாநிலத்தில் ஓர் இனம் 'இல்லை' என்று எழுதுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதும் இதில் விளங்கும். 1902க்குப் பிறகு வெர்மான்டில் நடந்தவை பெரும்பாலும் 'காணவில்லை' என்ற வகைச் செய்திகள்தான்.

கண்டுபிடித்ததும் அடுத்த கவலை, இடத்தை யாரிடம் சொல்வது என்பது. துறை வெளியிட்ட அறிவிப்பில் கவுன்டியின் பெயரும் நிலத்தைப் பாதுகாக்கும் அமைப்பின் பெயரும் இருந்தன. எந்தக் காடு, எந்தப் பாதை என்பது இல்லை. ஐநேச்சுரலிஸ்டிலும், ஒரு பதிவுக்கு ஆபத்திலுள்ள இனத்தின் பெயர் சூட்டப்பட்டதும் வரைபடத்தில் இடம் தானாகவே மறைக்கப்படும். உண்மையான புள்ளிக்குப் பதிலாக, வெர்மான்ட் இருக்கும் அட்சரேகையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமும் அதைவிடச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட ஒரு கட்டத்துக்குள் ஏதோ ஓரிடம் காட்டப்படும். பலரும் யோசிக்காத ஓட்டை ஒன்று இதில் உண்டு. பெயர் தெரியாத வரை செயலிக்கும் அது அரிய இனம் என்று தெரியாது. ஆகவே, பதிவேற்றியவர் தாமே மறைத்திருந்தாலொழிய, பெயரிடப்படாத ஒரு படத்தின் சரியான இடம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். வழக்கத்துக்கு மாறான செடியைப் படமெடுப்பவர் பதிவேற்றும்போதே இடத்தை மறைத்துவிடுவது பாதுகாப்பானது. பிறகு சாதாரணச் செடி என்று தெரிந்தால் திறந்துவிடலாம். பின்னணியில் தெரியும் பாலம், பலகை, பாறை போன்றவையும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கவலை மிகையானது அல்ல என்பதற்குச் சான்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே அகத்தியமலையில் இருக்கிறது. அங்கே மட்டுமே வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரி தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட். மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு ஓடும் அந்தப் பூவை 1865இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தார். பிறகு நெடுங்காலம் காட்டில் காணக் கிடைக்காதிருந்த அது 1972இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. செய்தி பரவியதும் வணிகச் சேகரிப்பாளர்கள் மலையேறினார்கள். இன்று அது மிக மோசமான அழிவாபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பச்சைப் பூ பூக்கும் சிறிய ஐசோட்ரியாவுக்கு அந்த அளவு சந்தை மதிப்பு இல்லாவிட்டாலும், அரியது என்ற ஒரே காரணத்துக்காகத் தோண்டிச் செல்பவர்கள் உண்டு. தெரிந்து தோண்டாதவர்களும், படமெடுக்கக் கூட்டமாக வந்து, பூக்காத இளஞ்செடிகளைத் தெரியாமல் மிதித்துவிடுவார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்த இனம் 1982இல் அமெரிக்க ஒன்றிய அரசின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மேலும் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டு, சில இடங்கள் பாதுகாக்கப்பட்ட பிறகு, 1994இல் ஒரு படி குறைந்த ஆபத்து நிலைக்கு மாற்றப்பட்டது. மெய்ன் முதல் ஜார்ஜியா வரையிலான கிழக்கு மாநிலங்களில் சிதறலாக அது வளர்கிறது. பெரிய கூட்டங்கள் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மாநிலங்களில்தான். அந்தச் சட்டத்தில் விலங்குகளுக்கும் செடிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தனியார் நிலத்தில் நிற்கும் அரிய செடியை நில உரிமையாளர் அப்புறப்படுத்துவதை ஒன்றியச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. வீட்டுமனைகளுக்காகக் காடு வெட்டப்படுவதே இந்த ஆர்க்கிட்டுக்கு மிகப் பெரிய ஆபத்து என்பதால் இது சிறிய ஓட்டை அல்ல. வெர்மான்டில் அது ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட நிலத்தில் அகப்பட்டது நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

இத்தகைய இடத்தில் இனி நடக்கும் வேலை பரபரப்பில்லாதது. ஆண்டுதோறும் பூக்கும் காலத்தில் ஒரு முறை, காய் முற்றும் காலத்தில் ஒரு முறை போய் ஒவ்வொரு செடியின் உயரத்தையும் இலை அகலத்தையும் அளப்பார்கள். பூத்ததா, காய்த்ததா, மான் கடித்ததா, நத்தை தின்றதா என்று குறிப்பார்கள். மான் தொல்லை அதிகமானால் கம்பிக்கூண்டு வைப்பது வழக்கம். மேலே கிளைகள் நெருங்கி மூடினால் ஒன்றிரண்டு மரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவதும் சில மாநிலங்களில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பூஞ்சைக்கு உணவூட்டும் மரத்தையே வெட்டிவிடக் கூடாது என்பதால் அதில் மிகுந்த கவனம் வேண்டும். அக்கம்பக்கத்தில் அதே மண்ணும் சரிவும் வெளிச்சமும் உள்ள காடுகளில் வேறு செடிகள் இருக்கின்றனவா என்று தேடப்போவதாகவும் வெர்மான்ட் துறை தெரிவித்தது. இந்த முறை தேடுபவர்கள் மெடியோலாவின் ஒவ்வொரு கூட்டத்திலும் குனிந்து தண்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.